படம் வரையும் கணினிக்குத் தமிழ் எட்டாதது ஏன்?

எழுத்தில் சொன்னதைப் படமாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களுக்குத் தரப்படும் விவரிப்பை ப்ராம்ப்ட் என்கிறார்கள். ஒரே காட்சியைத் தமிழில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் கொடுத்தால், பல மென்பொருள்களில் ஆங்கிலத்துக்குக் கேட்ட படம் வருகிறது. தமிழுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு படம் வருகிறது. காட்சியைச் சொல்லத் தமிழுக்குத் திறன் போதாததால் இப்படி நடப்பதில்லை. இந்த மென்பொருள்கள் எந்த மொழியில் பாடம் கற்றன, எழுத்தை எப்படித் துண்டாக்குகின்றன என்ற இரண்டு காரணங்களால் நடக்கிறது. இவை புரிந்தால், தமிழில் எண்ணிய காட்சியை எப்படி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது என்பதும் தெளிவாகும்.

2022 ஆகஸ்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உள்ளமைப்பு வெளிப்படையாகக் கிடைப்பதால், சொல் படமாகும் வழியில் எந்த இடத்தில் தமிழ் தடுமாறுகிறது என்று படிப்படியாகப் பார்க்க முடியும்.

படமும் விளக்கமும்

இந்த மென்பொருளில் இரண்டு முக்கியப் பகுதிகள் உண்டு. ஒன்று ப்ராம்ப்டைப் படித்து எண்களின் வரிசையாக மாற்றும். மற்றொன்று, வெறும் புள்ளி இரைச்சலில் தொடங்கி, அந்த எண்களைப் பார்த்துப் பார்த்து, இருபது முப்பது படிகளில் இரைச்சலைக் குறைத்துப் படத்தை வெளிக்கொணரும். வரையும் பகுதிக்கு எந்த மொழியும் தெரியாது. படிக்கும் பகுதி கொடுக்கும் எண்களை மட்டுமே அது நம்பியிருக்கிறது. எண்கள் தெளிவாக இருந்தால் படம் தெளிவாக வரும். குழம்பியிருந்தால் எத்தனை முறை முயன்றாலும் படம் குழப்பமாகவே வரும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளில் படிக்கும் வேலையைச் செய்வது கிளிப் என்ற மாதிரி. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2021 ஜனவரியில் இதை வெளியிட்டது. இணையத்திலிருந்து எடுத்த 40 கோடிப் படங்களையும் அவற்றோடு இருந்த எழுத்து விளக்கங்களையும் வைத்து இது பயிற்சி பெற்றது. எந்த விளக்கம் எந்தப் படத்துக்கு உரியது என்று பொருத்திப் பார்த்துப் பார்த்துச் சொல்லுக்கும் காட்சிக்கும் உள்ள உறவை இது கற்றுக்கொண்டது. அந்தப் படங்களைச் சேர்க்க ஏறக்குறைய 5 லட்சம் தேடல் சொற்கள் பயன்பட்டன. ஆங்கில விக்கிப்பீடியாவில் குறைந்தது நூறு முறை வரும் சொற்களே அந்தப் பட்டியலுக்கு அடிப்படை. ஆக, கிளிப்பின் பாடப்புத்தகம் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தால் அமைந்துவிட்டது.

வரையும் பகுதியின் பயிற்சியும் அதே திசையில் நடந்தது. அதற்கு உதவியது 2022இல் வெளியான லயான்-5பி என்ற தரவுத் தொகுப்பு. அதில் 585 கோடிப் பட-விளக்க இணைகள் உள்ளன. சுமார் 232 கோடி விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட மற்ற மொழிகள் அனைத்தும் சேர்ந்து 226 கோடி. மீதி 127 கோடி, எந்த மொழி என்று பிரித்தறிய முடியாதவை. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் முதன்மையாக ஆங்கிலப் பகுதியைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்டன. குடை பிடித்த சிறுமியின் படத்தை இந்த மென்பொருள் பயிற்சியின்போது ஏராளமாகப் பார்த்திருக்கும். ஆனால் அந்தப் படங்களின் பக்கத்தில் இருந்தவை ஆங்கிலச் சொற்கள். ‘குடை’ என்ற தமிழ்ச் சொல்லை ஒரு குடையின் படத்தோடு சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு அதற்குக் கிட்டத்தட்ட அமையவே இல்லை.

எழுத்து உடையும் விதம்

இரண்டாவது காரணம் எழுத்தின் அளவில் இருக்கிறது. கணினி மாதிரிகள் வாக்கியத்தை அப்படியே படிப்பதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. கிளிப்பிடம் சுமார் 49,000 துண்டுகள் கொண்ட ஓர் அகராதி இருக்கிறது. அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்கள் அதில் முழுச் சொல்லாகவே இடம்பெற்றுள்ளன. அதனால் அவை உடையாமல் உள்ளே போகின்றன.

தமிழ்ச் சொல்லுக்கு அந்த வசதி இல்லை. ‘கு’ நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடு முறையில் அது க என்ற எழுத்தும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். கிளிப்பின் வெட்டும் விதி, எழுத்து என்று வகைப்படுத்தப்பட்டவற்றைத் தனியாகவும் மற்ற குறிகளைத் தனியாகவும் பிரிக்கிறது. தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் ‘எழுத்து’ என்ற வகையில் சேர்வதில்லை. சேர்ப்புக்குறிகள் என்று வேறாக வைக்கப்பட்டுள்ளன. எனவே கால், கொம்பு, புள்ளி வரும் இடத்திலெல்லாம் சொல் அறுபடுகிறது. ‘மழையில்’ என்ற ஒரு சொல் ஆறு துண்டாகிறது. அந்தத் துண்டுகள் பைட் அளவில் மேலும் உடையவும் கூடும்.

‘மழையில் குடை பிடித்து நிற்கும் சிறுமி’ என்ற ஐந்து சொல் தொடரை எடுத்துக்கொள்ளலாம். இதில் 33 யூனிகோடு குறியீடுகள், அதாவது 99 பைட்கள் இருக்கின்றன. வெட்டும் விதிப்படி இது குறைந்தது 32 துண்டுகளாகும். ஒவ்வொரு பைட்டும் தனியே உடைந்தால் 99 வரை போகும். அதே பொருளுள்ள ஆங்கிலத் தொடர் இது:

```
a girl standing with an umbrella in the rain
```

இதில் ஒன்பது சொற்கள், ஒன்பது துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் மாதிரியிடம் உறுதியான பொருள் உண்டு. தமிழ்த் தொடரின் துண்டுகளிலோ குடையும் இல்லை, மழையும் இல்லை. உகரக் குறி, புள்ளி, எழுத்தின் ஒரு பகுதி என்று இருக்கும் அவற்றைச் சேர்த்துப் பொருளாக்கும் பயிற்சி மாதிரிக்குக் கிடைக்கவில்லை.

இதோடு நீள வரம்பும் சேர்கிறது. கிளிப் ஒரு நேரத்தில் 77 துண்டுகளை மட்டுமே படிக்கும். தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் இரண்டு போக, எழுதுபவருக்குக் கிடைப்பது 75. ஆங்கிலத்தில் ஐம்பது சொற்களுக்கு மேல் இதில் அடங்கும். தமிழில் இரண்டு குறுந்தொடர்களிலேயே இடம் தீர்ந்துவிடும், எஞ்சியது வெட்டப்படும். சில செயலிகள் நீண்ட ப்ராம்ப்டை 75, 75 ஆகப் பிரித்து அனுப்பி இந்த வரம்பைக் கடக்கின்றன. அப்படிச் செய்தாலும் துண்டுகளுக்குப் பொருள் வந்துவிடுவதில்லை.

பிறகு வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் 3, ஃப்ளக்ஸ் ஆகிய மாதிரிகள் கிளிப்போடு டி5 என்ற இன்னொரு படிக்கும் பகுதியையும் சேர்த்துக்கொண்டன. நீண்ட ஆங்கில வாக்கியங்களின் உறவை டி5 நன்றாகப் புரிந்துகொள்கிறது. ஆனால் அதன் அகராதி ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ருமேனியம் ஆகிய மொழிகளுக்காகக் கட்டப்பட்டது. தமிழ் எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. அறியாத எழுத்து வந்தால் டி5 அதை ‘தெரியாதது’ என்ற ஒரே அடையாளமாக மாற்றிவிடுகிறது. ஒரு முழுத் தமிழ்ச் சொல்லும் அப்படியே சுருங்கிப்போகிறது. அதனால் ஐந்து சொல் கொண்ட எந்த இரண்டு தமிழ்த் தொடர்களுக்கும் டி5 வேறுபாடு காணாது. மழையில் நிற்கும் சிறுமியும் வயலில் உழும் மாடுகளும் அதன் கணக்கில் ஒன்றே.

புரியாவிட்டாலும் ஏதோ ஒன்று வருவது ஏன்?

தமிழ் ப்ராம்ப்ட் தந்தவர்கள் சில நேரம் குழம்பிப்போவதற்குக் காரணம், வருகிற படம் முற்றிலும் அந்நியமாக இல்லாததுதான். சேலை கட்டிய பெண்ணோ கோயில் போன்ற கட்டடமோ வந்தால், பாதியாவது புரிந்திருக்கிறது என்று தோன்றும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு வெளிச்சம் தருகிறது. ஆங்கில ப்ராம்ப்டில் ஒரே ஓர் எழுத்தை மட்டும், பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வேறு எழுத்துமுறையின் எழுத்தாக மாற்றினார்கள். படத்தில் வரும் மனிதர்களும் கட்டடங்களும் உணவும் அந்த எழுத்துக்குரிய பண்பாட்டின் பக்கம் சாய்ந்தன. சொல்லின் பொருள் தெரியாத மாதிரிக்கு, அந்த எழுத்துகள் எந்த மாதிரிப் படங்களின் பக்கத்தில் வரும் என்பது மட்டும் ஓரளவு தெரிந்திருந்தது.

தமிழ் எழுத்தும் இப்படி ஓர் ஊர் அடையாளமாக மட்டுமே செயல்பட வாய்ப்புண்டு. மாதிரி உண்மையில் படித்ததா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் தொடக்க இரைச்சலுக்கும் சீடு எனப்படும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ப்ராம்ப்டில் ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டும். ‘குடை’யை ‘கூடை’ ஆக்கினால் படத்தில் குடை போய்க் கூடை வர வேண்டும். படம் ஏறக்குறைய அப்படியே இருந்தாலோ, தொடர்பில்லாத இடத்தில் மாறினாலோ, சொல் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

உரையாடல் வழி மென்பொருள்களில்

2023 அக்டோபரில் சாட்ஜிபிடிக்குள் வந்த டால்-ஈ 3 வேறு வழியில் இயங்கியது. அங்கே பயனரின் சொற்களை முதலில் ஒரு மொழி மாதிரி வாங்கிக்கொண்டது. அது தமிழைப் புரிந்துகொண்டு, விவரங்களைச் சேர்த்து, விரிவான ஆங்கில ப்ராம்ப்டாகத் திருப்பி எழுதிப் படம் வரையும் பகுதிக்கு அனுப்பியது. பயனர் மொழிபெயர்க்காவிட்டாலும் மொழிபெயர்ப்பு நடந்தேறியது. இந்த ஏற்பாட்டில் தமிழ் பெருமளவு வேலை செய்யும். ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவு மென்பொருளிடம் போய்விடுகிறது. ‘பாட்டி’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு எந்த உடை, எந்த வீடு என்று அதுவே தீர்மானிக்கும். பின்னர் வந்த பன்மொழி மாதிரிகள் தமிழை இன்னும் நன்றாகப் படிக்கின்றன. சொல்லாமல் விட்டதை மாதிரி தன் வழக்கப்படி நிரப்பும் என்ற உண்மை அவற்றுக்கும் பொருந்தும். எனவே கீழே வரும் முறை, ஆங்கிலத்தில் தர வேண்டிய மென்பொருள்களுக்கு முழுமையாகவும் தமிழை ஏற்கும் மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் உதவும்.

ஒரு காட்சியை மொழிபெயர்த்தல்

எடுத்துக்கொண்ட காட்சி இது: ‘மார்கழி அதிகாலையில் ஓட்டு வீட்டு வாசலில் பாட்டி புள்ளிக்கோலம் போட்டு நடுவில் பூசணிப்பூ வைக்கிறார்.’ தமிழ் வாசகர் மனத்தில் இது உடனே படமாகிவிடும். சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் இப்படி அமையும்:

```
In Margazhi early morning, at the door of a tile house, grandmother
puts dot kolam and keeps a pumpkin flower in the middle
```

இதில் ஒவ்வொரு சொல்லும் அகராதிப்படி ஓரளவு சரிதான். ஆனாலும் இதைப் படமாக்கினால் ஏறக்குறைய ஒவ்வொரு இடத்திலும் காட்சி நழுவும் வாய்ப்பு இருக்கிறது.

மார்கழி என்பது மாதத்தின் பெயர். அதற்குத் தனி உருவம் கிடையாது. தமிழர் அந்தச் சொல்லைக் கேட்டதும் பனியும் குளிரும் விடியாத நீல வெளிச்சமும் நினைவுக்கு வரும். மாதிரிக்கு அந்த நினைவு இல்லாததால், பெயரை விட்டுவிட்டு வெளிச்சத்தையும் பனியையும் சொல்ல வேண்டும். `misty dawn, soft blue light` என்றால் மாதம் சொல்லாமலே மார்கழியின் காலை வந்துவிடும்.

‘ஓட்டு வீடு’ என்பதை `tile house` என்றால், சுவரிலோ தரையிலோ பளபளக்கும் சதுரக்கல் பதித்த வீடு வரக்கூடும். தமிழில் ‘ஓடு’ என்றாலே கூரை புரிகிறது. ஆங்கிலத்தில் கூரையைச் சொல்லியாக வேண்டும். சாய்ந்த களிமண் ஓட்டுக் கூரை என்பதற்கு `sloping clay tile roof` சரியாக இருக்கும். ‘வாசல்’ என்பதும் இப்படியே. `door` என்று எழுதினால் கதவு படத்தின் நடுவுக்கு வரும். கோலம் போடும் இடம் வீட்டுக்கு முன்னால் உள்ள, நீர் தெளித்த தரை. ஆகவே `on wet ground, in front of an old house` என்று இடத்தைச் சொல்வதே பொருத்தம்.

‘பாட்டி’ உறவுச்சொல். உறவு கண்ணுக்குத் தெரிவதில்லை. வயதும் உடையும் உடல்நிலையும்தான் தெரியும். `grandmother` என்று மட்டும் கொடுத்தால், பயிற்சித் தரவில் அதிகம் இருந்த மேற்கத்திய முதியவளின் முகம் வரலாம். வயதான தமிழ்ப்பெண், சிவப்புப் பருத்திச் சேலை என்று விவரிப்பதே வழி. சித்தப்பா, அண்ணி, மாமா போன்ற எல்லா உறவுச்சொற்களுக்கும் இது பொருந்தும். ‘வைக்கிறார்’ என்ற மரியாதை வினையிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அது ஆணா பெண்ணா என்று காட்டாது. எழுவாய் சொல்லப்படாத வாக்கியத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் இட்டால் ஆணாக மாறிவிடக்கூடும். ஆளை முதலிலேயே பெண் என்று குறிப்பிட்டுவிடுவது பாதுகாப்பு.

‘பூசணிப்பூ’ இன்னொரு கண்ணி. `pumpkin` என்ற சொல் ஆங்கிலப் படங்களில் பெரும்பாலும் உருண்டையான ஆரஞ்சு நிறக் காயோடும் ஹாலோவீன் விளக்குகளோடும் சேர்ந்து வருகிறது. அந்தச் சொல் வந்த உடனே காய் படத்துக்குள் வரப் பார்க்கும். இந்தப் பூவுக்கு ஆங்கிலச் சமையல் உலகில் `squash blossom` என்ற பெயர் புழக்கத்தில் இருக்கிறது. அதோடு மஞ்சள் என்ற நிறத்தையும் சேர்த்துவிட்டால் பூ பூவாகவே வரும் வாய்ப்பு கூடும். முருங்கைக்காய்க்கும் இதே எச்சரிக்கை வேண்டும். இந்திய ஆங்கிலத்தில் வழங்கும் `drumstick` கோழிக்காலாகவோ மேளக்குச்சியாகவோ மாறும். `moringa pods` என்பதே காயைக் கொண்டுவரும்.

கடைசியாகக் கோலம். ஆங்கில விளக்கங்களில் `kolam` என்ற சொல் அரிதாகவே வருகிறது. பல வண்ணப் பொடிகளால் ஆன ரங்கோலி மிகுதி. மாதிரி பெரும்பாலும் ரங்கோலியின் பக்கம் சாயும். இத்தகைய சொற்களில் பெயரை வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே உருவத்தையும் விவரிப்பது நல்லது: வெள்ளை, அரிசி மாவு, புள்ளிகளைச் சுற்றி வளையும் கோடுகள். எந்தச் சொல்லுக்கு விவரிப்பு தேவை, எதற்குப் பெயரே போதும் என்று அறிய, அந்தச் சொல்லை மட்டும் தனியாகக் கொடுத்து நான்கு படங்கள் எடுத்துப் பார்க்கலாம். சேலை, தோசை போன்றவை ஆங்கிலப் பெயராலேயே சரியாக வந்தால் விளக்கம் வேண்டியதில்லை. திண்ணை, தூக்குவாளி, பாவாடை தாவணி போன்றவை தவறாக வந்தால் அவற்றை உருவம், பொருள், நிறம் கொண்டு விவரிக்க வேண்டும். திண்ணைக்கு, வீட்டின் முன்சுவரை ஒட்டிய உயர்ந்த பூச்சு மேடை என்ற விவரிப்பு போதும்.

இன்னொரு மாற்றம் வாக்கியத்தின் ஓட்டத்தில் செய்ய வேண்டியது. மூலத் தொடரில் பாட்டி கோலம் போடுகிறார், பிறகு பூ வைக்கிறார். இவை அடுத்தடுத்து நடப்பவை. படத்தில் ஒரு கணம் மட்டுமே இருக்கும். இரண்டையும் கேட்டால் மாதிரி இரண்டு பெண்களையே வரைந்துவிடலாம். கோலம் போடும் கணத்தைத் தேர்ந்தெடுத்தால், பூவைச் செயலாகச் சொல்லாமல் ஏற்கனவே நடுவில் இருக்கும் பொருளாகச் சொல்லிவிடலாம்.

வரிசையும் மாற வேண்டும். தமிழ்த் தொடர் காலத்தில் தொடங்கி, இடத்துக்கு வந்து, ஆளைச் சொல்லி, வினையில் முடிகிறது. கிளிப் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. முதலில் வரும் சொற்கள் பின்னால் வரும் எல்லாவற்றையும் பாதிக்கின்றன. நீளம் மிஞ்சினால் வெட்டுப்படுவது கடைசிப் பகுதி. எனவே ஆள் முதலில், செயல் அடுத்து, சுற்றுப்புறம் அதன் பின், வெளிச்சமும் படத்தின் வகையும் கடைசியில் என்ற வரிசை ஏற்றது. எல்லாம் சேர்ந்தால் ப்ராம்ப்ட் இப்படி அமையும்:

```
An elderly Tamil woman in a red cotton sari bends down, drawing a
white kolam of looping lines around dots in rice flour on wet ground,
in front of an old house with a sloping clay tile roof. A yellow
squash blossom sits at the center. Misty dawn, soft blue light,
photograph.
```

இதில் 52 சொற்கள் இருக்கின்றன. நிறுத்தக்குறிகளும் உடையும் ஓரிரு சொற்களும் சேர்ந்தாலும் 75க்குள் அடங்கும். பல செயலிகளில் எழுதும் பெட்டியின் மூலையில் `0/75` என்ற வடிவில் ஓர் எண்ணி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே எழுதலாம்.

வேண்டாததைச் சொல்வது

வண்ணப்பொடி வேண்டாம் என்பதை ப்ராம்ப்டுக்குள் ‘வண்ணப்பொடி இல்லாமல்’ என்று எழுதினால் பெரும்பாலும் எதிர்விளைவுதான். கிளிப் ‘இல்லாமல்’ என்ற மறுப்பை வலுவாக உணர்வதில்லை. ‘வண்ணப்பொடி’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு அதையே வரையத் தொடங்குகிறது. வேண்டாதவற்றுக்கு ஸ்டேபிள் டிஃப்யூஷன் செயலிகளில் நெகட்டிவ் ப்ராம்ப்ட் என்ற தனிப் பெட்டி இருக்கிறது. அங்கே மறுப்புச் சொல் எதுவும் இல்லாமல் பெயர்களை மட்டும் எழுத வேண்டும்:

```
rangoli, colored powder, pumpkin
```

அந்தப் பெட்டி இல்லாத மென்பொருள்களில், வேண்டாததைப் பெயர் சொல்லாமல் தவிர்த்து, வேண்டியதை அழுத்தமாகச் சொல்வதே வழி. ‘வண்ணம் இல்லாத கோலம்’ என்பதைவிட ‘வெள்ளைக் கோலம்’ பயன் தரும். ‘காலில் செருப்பு இல்லை’ என்பதை `barefoot` என்று நேர்ச்சொல்லாக மாற்றலாம். ‘கூட்டமில்லாத தெரு’ `empty street` ஆகும்.

உணர்ச்சியும் வழக்குத்தொடரும் இதே வகையில் காட்சியாக மாற வேண்டும். ‘வெயில் கொளுத்துகிறது’ என்பதை நெருப்போடு தொடர்புள்ள ஆங்கிலச் சொல்லால் தந்தால் தீப்பிடித்த நிலம் வரலாம். உச்சிவெயில், கூர்மையான குறுநிழல்கள், வெடித்த மண் என்று விவரித்தால் வெப்பம் படத்தில் தெரியும். ‘முகம் வாடியிருந்தாள்’ என்பதற்குத் தாழ்ந்த பார்வை, தளர்ந்த தோள்கள் என்று எழுத வேண்டும். ஒரு சொல்லை மொழிபெயர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் காட்சியைப் படம் பிடித்தால் இதில் எது கண்ணுக்குத் தெரியும்? மாதிரி கற்ற விளக்கங்கள் அனைத்தும் ஒரு படத்தின் பக்கத்தில் எழுதப்பட்டவை. அந்தக் கேள்வியின் விடையாக வரும் சொற்கள் அதன் பயிற்சிக்கு மிக நெருக்கமாக அமைகின்றன.

திருத்தும் முறை

முதல் முயற்சியில் எல்லாம் கூடிவருவது அரிது. ஒரே சீடு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு தொடரை மட்டும் மாற்றினால், எந்தச் சொல் என்ன செய்தது என்று தெரியும். பல இடங்களை ஒன்றாக மாற்றினால் காரணம் பிடிபடாது. ஒரு படம் நன்றாக வந்த பிறகு, அதே ப்ராம்ப்டை நான்கைந்து வேறு சீடுகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே பிழை வந்தால் குறை சொற்களில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்தால் அது அந்தத் தொடக்க இரைச்சலின் தற்செயல். வேறு சீடு போதும்.

நிறம் இடம் மாறுவது அடிக்கடி நேரும் பிழை. சேலையின் சிவப்பு பூவுக்குப் போவதும், பூவின் மஞ்சள் சேலைக்கு வருவதும் உண்டு. ஒவ்வொரு நிறத்தையும் அதற்குரிய பொருளை ஒட்டியே எழுதுவதும், இரண்டு நிறப்பொருள்களைத் தனித்தனி வாக்கியத்தில் வைப்பதும் இதைக் குறைக்கும். மேலே உள்ள ப்ராம்ப்டில் பூவுக்குத் தனி வாக்கியம் தந்ததற்கு அதுவே காரணம்.

ஆங்கிலத்தில் தேர்ச்சி குறைந்தவர்கள் மொழிபெயர்ப்புச் செயலியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முன்கூட்டியே தமிழிலேயே காட்சியை உடைத்து எழுதிவிட்டால் பாதி வேலை முடியும். ‘மார்கழிக் காலையில் பாட்டி’ என்பதற்குப் பதில், ‘சிவப்புப் பருத்திச் சேலை கட்டிய வயதான தமிழ்ப்பெண் குனிந்து, ஈரத் தரையில் அரிசி மாவால் வெள்ளைக் கோலம் வரைகிறாள். பனி மூடிய விடியல், மெல்லிய நீல வெளிச்சம்’ என்று எழுதினால், செயலி தவறு செய்யும் இடங்கள் மிகவும் குறையும். ‘வரைகிறாள்’ என்று பால் காட்டும் வினையைப் போடுவதும் இங்கே உதவும். வந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கிப் பார்த்தால் ஓட்டுக் கூரையும் பூவும் அப்படியே திரும்பி வருகின்றனவா என்று தெரிந்துவிடும்.

படத்துக்குள் தமிழில் எழுத்து வர வேண்டுமானால், கடைப்பலகையிலோ அழைப்பிதழிலோ இருக்க வேண்டிய சொற்களை மொழிபெயர்க்கக் கூடாது. தமிழ் எழுத்தை எழுதக்கூடிய புதிய மாதிரிகளில் அந்தச் சொற்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் தமிழிலேயே தர வேண்டும். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளில் இதை முயல்வதில் பயனில்லை. எழுத்தைப் போன்ற கிறுக்கல்தான் வரும். அங்கே பலகையை வெறுமையாகக் கேட்டு வாங்கி, எழுத்தைப் பின்னர் வேறொரு மென்பொருளில் சேர்ப்பதே சரியான வழி.

மொழிபெயர்ப்பு எட்டாத எல்லை

எவ்வளவு நன்றாக மொழிபெயர்த்தாலும், மாதிரி பார்க்காததை வரைய முடியாது. புள்ளிகளைச் சுற்றி ஒரே கோடு வளைந்து வளைந்து தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்வதுதான் சிக்குக்கோலத்தின் இலக்கணம். மேலே உள்ள ப்ராம்ப்ட் தரும் கோலம் தூரத்திலிருந்து கோலமாகத் தெரியும். நெருங்கிப் பார்த்தால் கோடுகள் அறுந்தும் புள்ளிகள் வரிசை தப்பியும் இருப்பது இயல்பு. படத்தின் தோற்றத்தைக் கற்ற மாதிரிக்குக் கோலத்தின் கணக்கு தெரியாது. சேலைக்கட்டு, கோபுரத்தின் நிலைகள், வீணையின் தந்திகள், பரதநாட்டிய முத்திரையில் விரல்களின் அமைப்பு ஆகியவற்றிலும் இதே வகைப் பிழைகள் வரும். இவற்றை ப்ராம்ப்டில் மேலும் மேலும் சொல் சேர்த்துத் திருத்த முடியாது.

அத்தகைய இடங்களில் சரியான கோலத்தின் கோட்டோவியத்தையோ புகைப்படத்தையோ மாதிரிக்கு வழிகாட்டியாகக் கொடுக்கும் வசதிகளைப் பயன்படுத்தலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கு 2023இல் வந்த கன்ட்ரோல்நெட், கொடுத்த கோடுகளைப் பின்பற்றிப் படம் அமைக்க உதவுகிறது. தமிழ் வாழ்வின் படங்களைத் தமிழ் விளக்கங்களோடு சேர்த்து மாதிரிகளை மேற்பயிற்சி செய்வது இன்னொரு வழி. சில பத்துப் படங்களைக் கொண்டே ஒரு குறிப்பிட்ட பொருளையோ பாணியையோ கற்பிக்கும் லோரா என்ற முறை ஏற்கனவே புழக்கத்தில் உள்ளது. ஒவ்வொரு படத்துக்கும் கோலத்தின் வகை, புள்ளி வரிசை, மாவு, தரை ஆகியவற்றைச் சரியாகக் குறித்த விளக்கம் இருந்தால், அந்தச் சொற்களும் மாதிரியின் அகராதியில் உருவம் பெறும். அதுவரை, தமிழில் கண்ட காட்சியைக் கண்ணுக்குத் தெரியும் விவரங்களாகப் பிரித்து ஆங்கிலத்தில் தருவதே இந்த மென்பொருள்களிடம் கேட்டதைப் பெறும் நம்பகமான முறை.